தவணை டாலரில், சம்பளம் ரூபாயில்: முத்தியால்பேட்டை வீடு ஒன்றின் கடன் கணக்கு

புதுச்சேரி முத்தியால்பேட்டையைச் சேர்ந்த ஒரு பெண் 2021 ஆகஸ்டில் அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போனார். இங்குள்ள வங்கி வீட்டுப் பத்திரம் கேட்டது. அப்பாவுக்கு அதில் மனமில்லை. அடமானமும் ஜாமீனும் கேட்காத வெளிநாட்டு நிறுவனம் ஒன்று டாலரில் கடன் கொடுக்க முன்வந்ததும் அதையே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு தவணையாக வாங்கிய தொகை 32,000 டாலர். வட்டி 12 சதவீதம், நிலையானது. படிக்கும் காலத்து வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போய், 2024 ஜனவரியில் திருப்பிக் கட்டத் தொடங்கும்போது கடன் 40,000 டாலராக நின்றது. பத்து வருடம், 120 தவணை, மாதம் 573.88 டாலர்.

அவர் அப்பா காந்தி வீதியில் சிறிய ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையின் ஜிஎஸ்டி கணக்கை நான் பார்ப்பதால் இந்தக் கடன் கோப்பும் என்னிடம் வந்தது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

முதல் ஆறு தவணை பிரச்சினையில்லாமல் போனது. அங்கேயே வேலை, அங்கேயே சம்பளம், அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்தது. 2024 ஜூனில் வேலை போனது, ஜூலையில் ஊர் திரும்பினார். இப்போது புதுச்சேரியிலேயே ஒரு நிறுவனத்தில் மாதம் ரூ.74,000 கைக்கு வருகிறது. இந்தியச் சம்பளத்துக்கு நல்ல தொகைதான். ஆனால் தவணை டாலரிலேயே இருக்கிறது.

ஒரு ரூபாய் ஏறினால் என்ன ஆகும்

முதலில் பார்க்க வந்தபோது அப்பா கேட்டது இது: "தம்பி, டாலர் ஒரு ரூபா ஏறுனா நமக்கு மாசம் ஐந்நூத்து எழுபது ரூபா கூடுது. அவ்வளவுதானே? அதுக்கு ஏன் இவ்ளோ பயம்?"

தவணைக்கு அவர் சொன்னது சரி. 573.88 டாலரை வாங்க, டாலர் ஒரு ரூபாய் ஏறினால் 574 ரூபாய் அதிகம் வேண்டும். ஆனால் ஏறுவது இந்த மாதத் தவணை மட்டுமில்லை, மீதமிருக்கும் எல்லாத் தவணையும் அதே விலையில் ஏறி நிற்கிறது. 2025 டிசம்பர் முடிவில் 24 தவணை கட்டிய பிறகு மீதி அசல் 35,310 டாலர். அந்த நேரத்தில் டாலர் ஒரு ரூபாய் ஏறினால் கடன் ரூபாய்க் கணக்கில் 35,310 ரூபாய் கூடுகிறது. மாத பட்ஜெட்டில் 574 ரூபாய் என்று தெரிவது, குடும்பத்தின் சொத்துக் கணக்கில் 35 ஆயிரம் ரூபாய். டாலர் கடன் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

அந்த இரண்டாவது எண் என்ன செய்தது என்பதை இந்த வீட்டுக் கணக்கிலேயே காட்டலாம். ஊர் திரும்புவதற்குச் சற்று முன், 2024 ஜூன் இறுதியில், மீதி அசல் 38,930 டாலர். அன்று சந்தையில் டாலர் 83.40 ரூபாய்க்கு அருகில். ஆகக் கடன் சுமார் 32.47 லட்சம் ரூபாய். அதன்பின் 2025 டிசம்பர் வரை 18 தவணை கட்டினார். கட்டிய டாலரின் சந்தை மதிப்பு மட்டும் சுமார் 8.9 லட்சம், வங்கி பிடித்ததையும் சேர்த்தால் 9.2 லட்சத்தை ஒட்டி வரும். டிசம்பரில் மீதி 35,310 டாலர். அந்த மாதம்தான் டாலர் முதன்முறையாக 90 ரூபாயைத் தாண்டியது. 90 என்றே வைத்தாலும் மீதிக் கடன் 31.78 லட்சம்.

ஒன்றரை வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் ஒன்பது லட்சத்துக்கு மேல் கட்டியும் ரூபாய்க் கணக்கில் கடன் குறைந்தது 69,000 ரூபாய் மட்டுமே. டாலர் 83.40-லேயே நின்றிருந்தால் மீதி 29.45 லட்சமாக இருந்திருக்கும். இடையில் உள்ள 2.33 லட்சம் யாரும் செலவு செய்யாத, யாரும் வாங்காத கடன். இந்த எண்ணைக் காட்டியபோது அந்தப் பெண் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "நான் கட்டறது எங்கண்ணா போகுது?" என்று கேட்டார். 12 சதவீத வட்டிக் கடனில் தொடக்க வருடங்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். முதல் தவணையில் 573.88 டாலரில் 400 டாலர் வட்டி, 173.88 டாலர்தான் அசல். கொஞ்சமாகக் கரையும் அந்த அசலை ரூபாயின் சரிவு மறுபக்கத்திலிருந்து மேலே தூக்குகிறது. அவர் கேட்டதற்குப் பதில் அதுதான்.

எங்கள் ஊரில் இதன் நேரெதிர் கணக்கு பல வீடுகளில் உண்டு. பிரெஞ்சு அரசிடமிருந்து யூரோவில் ஓய்வூதியம் வாங்கி ரூபாயில் செலவு செய்யும் குடும்பங்கள் அவை. ரூபாய் சரிந்தால் அவர்களுக்குக் கையில் கூடுதலாக வரும். அதே தெருவில் இருந்துகொண்டு டாலரில் கட்டவேண்டியவருக்கு அதே சரிவு இழப்பாகிறது. வருமானமும் கடமையும் ஒரே நாணயத்தில் இருந்தால் விகிதம் எங்கே போனாலும் நமக்குக் கவலையில்லை. வேறுவேறாக இருந்தால், நாம் கேட்காமலேயே ரூபாயின் விலைமீது பந்தயம் கட்டியிருக்கிறோம்.

ரசீதில் தெரிந்தது

2025 ஜனவரி முதல் அவர் புதுச்சேரியில் உள்ள தன் சம்பளக் கணக்கு வங்கியிலிருந்து பணம் அனுப்பத் தொடங்கினார். அப்போதிருந்து வீட்டில் ஒரே பேச்சு: டாலர் ஏறிக்கொண்டே போகிறது. நான் 2025 செப்டம்பர் மாத ரசீதை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பிரித்தேன்.

அந்த வாரம் சந்தை விலை சுமார் 88.70. அந்த விலையில் 573.88 டாலருக்கு ரூ.50,903 ஆகும். வங்கி போட்ட விலை 89.90. பலகையில் TT Selling என்ற தலைப்பின் கீழ் இருக்கும் விலை அது, வங்கி நமக்கு டாலரை விற்கும் விலை. அதில் தொகை ரூ.51,592. வித்தியாசம் 689 ரூபாய், வங்கியின் லாப விளிம்பு. அடுத்து, நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி. ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மாற்றத்தில் தொகையின் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக வைத்து அதன்மேல் 18 சதவீதம் போடுவார்கள். இங்கே 93 ரூபாய். அனுப்பும் கட்டணம் 500, அதற்கு வரி 90. கடைசியாக, வெளிநாட்டு வங்கிகளின் கட்டணத்தையும் நாமே ஏற்பதற்காக வரியோடு ரூ.1,600. மொத்தம் கணக்கில் கழிந்தது ரூ.53,875.

ஊர் திரும்பியபோது இருந்த 83.40 விலையில் இதே தவணை ரூ.47,862. ஆக, கூடியது ரூ.6,013. வீட்டில் எல்லோரும் இது முழுவதும் டாலர் ஏறியதால் என்றே நினைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் டாலர் 5.30 ரூபாய் ஏறியதால் வந்தது ரூ.3,041. மீதி ரூ.2,972 வங்கி விளிம்பும் கட்டணமும். அமெரிக்கக் கணக்கிலிருந்து கட்டியபோது இந்தப் பாதி இல்லவே இல்லை. உலகச் சந்தையை நம்மால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் இந்தப் பாதியைப் பெரும்பாலும் குறைக்க முடியும், அதனால்தான் இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

இந்த 2,972 ரூபாயில் 2,190 ரூபாய் அனுப்பும் தொகை எவ்வளவாக இருந்தாலும் மாறாதது. 574 டாலருக்கும் அதுதான், மூன்று தவணை சேர்த்து 1,722 டாலர் அனுப்பினாலும் அதுதான். கடன் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டோம்: முன்கூட்டி வரும் பணத்தை அடுத்த தவணைகளுக்கு வரவு வைப்பீர்களா? வைப்போம் என்றும், வட்டி நாள் கணக்கில் ஓடுவதால் முன்னால் வந்த அளவுக்கு வட்டி குறையும் என்றும் பதில் வந்தது. அக்டோபரிலிருந்து மூன்று மாதத் தவணையை ஒரே தடவையில் அனுப்புகிறார். வருடத்துக்கு 12 அனுப்புதல் 4 ஆனதில் மிச்சம் ரூ.17,520. எழுதிக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. சில நிறுவனங்கள் அதை அசலில் முன்கட்டணமாக வரவு வைத்துவிட்டு, அடுத்த மாதத் தவணை வரவில்லை என்று அபராதம் போடும்.

வங்கியின் விளிம்பை அறிய ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு வேலைநாளும் மதியம் எஃப்பிஐஎல் அமைப்பு டாலருக்கான குறிப்பு விகிதத்தை வெளியிடுகிறது. அதையும் வங்கி சொல்லும் விலையையும் அதே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டாலருக்கு ஒரு ரூபாய்க்கு மேல் இடைவெளி இருந்தால் கிளையில் கேட்டுப் பார்க்கலாம். சின்னத் தொகைக்குப் பெரும்பாலும் இறங்கமாட்டார்கள். பெரிய தொகைக்குக் கேட்காமல் விடுவது பணத்தை விட்டுவருவது.

இருபது டாலர் எங்கே போனது

2025 ஜனவரியில் போன முதல் தவணையில் ஒரு கோளாறு நடந்தது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஏ2 படிவம் நிரப்பவேண்டும். அதில் கட்டணத்தை யார் ஏற்பது என்ற இடத்தில் OUR, SHA, BEN என்று மூன்று தேர்வு இருக்கும். கவுண்டரில் வழக்கமாக SHA என்று டிக் போடுவார்கள், இவருக்கும் அப்படியே போட்டார்கள். அதன் பொருள், நம் வங்கியின் கட்டணம் நமக்கு, வழியில் உள்ள வங்கிகளின் கட்டணம் பெறுபவருக்கு. புதுச்சேரியிலிருந்து 573.88 டாலர் கிளம்பியது. இடையில் இருந்த வங்கி 20 டாலரை எடுத்துக்கொண்டது. போய்ச் சேர்ந்தது 553.88.

கடன் நிறுவனத்தின் கணினிக்கு அது முழுத் தவணை இல்லை. குறைத் தவணை என்று குறித்து, தாமதக் கட்டணம் சேர்த்து மின்னஞ்சல் வந்தது. இங்கே வங்கியோ முழுத் தொகை அனுப்பியதற்கான ரசீதைக் காட்டியது. இரண்டு பக்கமும் பார்த்தால் யாரும் தவறு செய்யவில்லை. அந்த ஒரு டிக்தான் காரணம். கடன் தவணைக்கு, எல்லாக் கட்டணத்தையும் நாமே ஏற்கும் OUR தவிர வேறு எதையும் தேர்ந்தெடுக்கக்கூடாது. கட்டணம் கூடினாலும், போய்ச் சேரும் தொகை சென்ட் வரை சரியாக இருக்கவேண்டும். முதல் தவணை போனதும் நிறுவனத்தின் இணையக் கணக்கில் வரவு வைத்த தொகையைப் பார்ப்பதே சரிபார்க்கும் வழி. நம் வங்கி ரசீது எதையும் நிரூபிக்காது.

அடுத்த மாதம் இன்னொன்று. தவணை நாள் 28. 2025 பிப்ரவரியில் டாலர் 87 ரூபாயைத் தாண்டியிருந்தது. இறங்கட்டும் என்று அப்பா காத்திருக்கச் சொன்னார், அனுப்பியது நாள் கடந்து போனது, மறுபடியும் தாமதக் கட்டணம். அவர் எதிர்பார்ப்பு பொய்யாகவில்லை, ஏப்ரல் இறுதியில் டாலர் 85 பக்கம் வந்தது. அந்தத் தவணை பிப்ரவரியைவிட ஏறத்தாழ 1,400 ரூபாய் குறைவு. ஆனால் இரண்டு மாதம் காத்திருந்தால் கிடைக்கும் இறக்கம் தவணைக்கு உதவாது, அதற்குள் இரண்டு தவணை நாள் போய்விடும். இரண்டு மூன்று நாள் காத்திருந்தால் கிடைப்பது 30 பைசா, 40 பைசா. 574 டாலருக்கு அது 200 ரூபாய் சுற்றித்தான். தவணைக்காக டிவியில் டாலர் விலை பார்ப்பதை விட்டுவிடலாம் என்றேன். அப்பா விடவில்லை, ஆனால் பணம் இப்போது தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே போகிறது.

கொண்டுவந்திருக்க வேண்டாத பணம்

ஊர் திரும்பும்போது அவருடைய அமெரிக்க வங்கிக் கணக்கில் சுமார் 6,000 டாலர் இருந்தது. 2024 ஜூலை முதல் டிசம்பர் வரையிலான ஆறு தவணை அதிலிருந்து போனது. கட்டணம் இல்லை, விளிம்பு இல்லை. மீதி 2,500 டாலரை டிசம்பரில் இங்கே வரவழைத்து வீட்டுத் தளம் ஒழுகியதைச் சரிசெய்தார்கள். வங்கி டாலரை வாங்கிக்கொண்ட விலை 84 ரூபாய் சுற்றி. அடுத்த மாதமே தவணைக்காக அதே வங்கியிடம் 87-க்கு மேல் கொடுத்து டாலர் வாங்கத் தொடங்கினார். விலை வித்தியாசத்தில் மட்டும் எட்டாயிரத்துக்கு மேல் போனது. நான்கு தவணைக்கான அனுப்பும் கட்டணம் தனி.

வெளிநாட்டில் வசித்தபோது சம்பாதித்த பணத்தை ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே வைத்திருக்க, அந்நியச் செலாவணிக்கான ஃபெமா சட்டத்தின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. இந்தியாவுக்குக் கொண்டுவந்தாலும் டாலராகவே வைக்க ஆர்எஃப்சி என்ற கணக்கு இருக்கிறது, திரும்பி வந்தவர்களுக்கென்றே உள்ளது. டாலரில் கடன் உள்ளவர் கையிலுள்ள டாலரை ரூபாயாக்குவதும், பிறகு ரூபாயை டாலராக்குவதும் இரண்டு முறை விளிம்பு கொடுப்பதாகும். தளம் ஒழுகுவது அவசரம்தான், மறுக்கவில்லை. அதற்குக் கடையிலிருந்தோ சிறிய நகைக்கடனிலோ ரூபாய் எடுத்திருக்கலாம். அமெரிக்கக் கணக்கை வைத்திருப்பவர் ஒன்றை மறக்கக்கூடாது: இந்தியாவில் சாதாரண வசிப்பவர் ஆகிவிட்டால் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தக் கணக்கைக் காட்டவேண்டும். பாக்கி சில டாலரே என்றாலும் காட்டவேண்டும்.

ரூபாய்க் கடனாக மாற்றுவது

இப்போது பெரிய கேள்வி. வீட்டின்மீது ரூபாயில் கடன் வாங்கி இந்த டாலர் கடனை அடைத்துவிடலாமா?

வங்கி சொன்ன வட்டி 10.5 சதவீதம். டாலர் கடனுக்கு 12. இந்த வீட்டைப் பொறுத்தவரை ரூபாய் ஒரு பைசா சரியாவிட்டாலும் மாற்றுவது லாபம். ஆனால் எல்லோருக்கும் கணக்கு இவ்வளவு எளிதாக அமையாது. டாலர் கடன் 8 சதவீதத்தில் இருந்து ரூபாய்க் கடன் 10.5 என்றால் பலரும் டாலர்தான் மலிவு என்று நின்றுவிடுவார்கள். இரண்டு வட்டியும் இரண்டு நாணயத்தில் இருப்பதால் அப்படியே ஒப்பிட முடியாது. டாலர் வட்டியோடு ரூபாயின் வருடாந்திரச் சரிவைச் சேர்க்கவேண்டும். 2015 முடிவில் டாலர் 66 ரூபாய் சுற்றி இருந்தது, 2025 முடிவில் 90. சராசரியாக வருடத்துக்கு 3.1 சதவீதம். அப்படிப் பார்த்தால் 8 சதவீத டாலர் கடன் உண்மையில் 11.3 சதவீதம். நம் பெண்ணின் 12 சதவீதம் 15.5 ஆகிறது.

இந்தச் சராசரியை நம்பி வருடாவருடம் திட்டம் போட முடியாது, அதுதான் இதன் கடினம். 2022-ல் மட்டும் 74.30-லிருந்து 82.70-க்குப் போனது, 11 சதவீதம். 2023 முழுவதும் அரை ரூபாய்தான் நகர்ந்தது. அசையாத ஒரு வருடத்தில் டாலர் கடன் வாங்கியவர் பத்து வருடமும் இப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார். என் கருத்து வெளிப்படையானது: வருமானம் ரூபாயில் நிலைத்துவிட்டவர், டாலர் வட்டி ரூபாய் வட்டியைவிட மூன்று சதவீதப் புள்ளிக்கு மேல் குறைவாக இல்லாவிட்டால், மாற்றிவிடுவதே நல்லது. மூன்றுக்கு மேல் இருந்தாலும் மாத பட்ஜெட்டில் இடமில்லாதவர் மாற்றத்தான் வேண்டும். சராசரி பத்து வருடத்தில் சரியாக வரலாம், 2022 போன்ற ஒரு வருடத்தைச் சம்பளம் தாங்கவேண்டும்.

டாலர் முன்பேரச் சந்தையில் விலையை இப்போதே பூட்டிவைக்கலாமே என்று அந்தப் பெண்ணின் நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். என்எஸ்இ-யில் ஒரு ஒப்பந்தம் 1,000 டாலர், இவர் தவணையைவிடப் பெரிது. முன்பேர விலையிலேயே இரு நாட்டு வட்டி வித்தியாசம் ஏறியிருக்கும், எனவே எதிர்பார்க்கப்படும் சரிவை நாம் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். தினமும் மார்ஜின் கட்டும் வேலை வேறு. மாதச் சம்பளக்காரருக்கு இது ஒத்துவராது.

மாற்றுவதில் மூன்று முட்டுக்கட்டை இருந்தது. முதலாவது பத்திரம். வீட்டின் மூலப் பத்திரம் பிரெஞ்சுக் காலத்து நோட்டேர் முன் எழுதியது, பிரெஞ்சில் இருக்கிறது. வங்கி வழக்கறிஞர் சான்றளித்த மொழிபெயர்ப்பு கேட்டார். புதுச்சேரியில் இது புதிதல்ல, ஆனால் வாரக்கணக்கில் நேரம் எடுத்தது.

இரண்டாவது டிசிஎஸ். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் ஒரு நிதியாண்டில் ரூ.10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி வரி வசூலித்து வருமான வரித்துறையில் கட்டும். 2025-26-ல் சொந்தப் பணத்தில் கட்டும் கல்விச் செலவுக்கு 5 சதவீதம், மற்ற நோக்கங்களுக்கு 20 சதவீதம். பல்கலைக்கழகத்துக்குப் போகும் கட்டணம் வேறு, பழைய கடனைத் திருப்பும் பணம் வேறு என்று சொல்லி அவருடைய வங்கி 20-ல்தான் போடும் என்றது. மாதத் தவணை மட்டும் கட்டும்வரை வருடம் 6.1 லட்சம்தான், வரம்புக்குள். மொத்தமாக அடைக்கப்போகும்போதுதான் இது வந்து நிற்கும். இந்தப் பணம் போய்விடாது, வரிக் கணக்கில் வரவாகும். ஆனால் அவருடைய சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே இல்லை. எனவே முழுவதும் ரீஃபண்டாகத்தான் வரும், கணக்குத் தாக்கல் செய்த பிறகு.

அதனால் அனுப்பும் மாதம் முக்கியமாகிறது. 2026 மார்ச் கடைசி வாரத்துக்குள் அனுப்பினால் அந்த வரி 2025-26 கணக்கில் சேரும், 2026 ஜூன், ஜூலையில் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஏப்ரல் முதல் வாரத்தில் அனுப்பினால் அதே பணம் 2027 நடுப்பகுதி வரை முடங்கும். இரண்டு வார வித்தியாசத்தில் ஒரு வருடம்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் கவலை தந்தது. பாதிக் கடனை அடைத்தால் நிறுவனம் தவணையைக் குறைக்குமா, அல்லது தவணையை அப்படியே வைத்து வருடத்தைக் குறைக்குமா? பல நிறுவனங்கள் கேட்காவிட்டால் வருடத்தைத்தான் குறைக்கும். அப்படி நடந்தால் டாலர் தவணை 574-லேயே நிற்கும், அதன்மேல் ரூபாய்க் கடனின் தவணையும் சேரும். மாதம் ரூ.77,000 ஆகும், சம்பளத்தையே தாண்டிவிடும்.

எடுத்த முடிவு

முழுவதையும் மாற்றிவிடலாம் என்பது என் யோசனை. குடும்பம் பாதியை மாற்ற முடிவு செய்தது. பெண்ணுக்கு மறுபடி வெளிநாட்டு வேலைக்கு வாய்ப்பு இருக்கிறது, அது கிடைத்தால் டாலர் கடன் டாலர் சம்பளத்திலேயே போகும் என்பது அவர் வாதம். வீட்டின்மீது 32 லட்சம் வாங்க அப்பாவுக்கு இன்னமும் மனம் வரவில்லை. இரண்டும் நியாயமான காரணங்கள்தான்.

மார்ச் தவணைக்குப் பிறகு மீதி சுமார் 34,640 டாலர் இருக்கும். பாதி 17,320 டாலர், வங்கி விலை 91 என்று வைத்தால் 15.8 லட்சம் ரூபாய். 16 லட்சம் கடன் எட்டு வருடத்துக்கு 10.5 சதவீதத்தில் எடுத்தால் மாதம் ரூ.24,704. டாலர் தவணை 286.94 ஆகும், அதே 91-ல் ரூ.26,112. இரண்டும் சேர்த்து ரூ.50,816, முன்பு முழுத் தவணையும் டாலரில் இருந்தால் இதே விலையில் கட்டணம் சேர்க்காமல் ரூ.52,223. மாதத்துக்குக் குறைவது அதிகமில்லை. ஆனால் இனிமேல் டாலர் ஒரு ரூபாய் ஏறினால் தவணை 287 ரூபாய்தான் கூடும், கடன் 17,320 ரூபாய்தான் கூடும். டிசிஎஸ்-ஆக வங்கி பிடிக்கப்போவது சுமார் 2.4 லட்சம். அதற்கு அப்பா கடையின் ஓவர்டிராஃப்டிலிருந்து ஏற்பாடு செய்கிறார், ரீஃபண்ட் வந்ததும் திருப்பிவிடுவார்.

இதை எழுதும் 2026 ஜனவரியில் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது, வழக்கறிஞர் கருத்துரை பாக்கி. கடன் நிறுவனத்திடமிருந்து பதிலும் வந்திருக்கிறது: பாதித் தொகை முழுமையாகச் சேர்ந்தால், தனியாக எழுதிக் கேட்கும் பட்சத்தில், காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைத்துப் புது அட்டவணை தருவார்கள். பணம் தவணை நாளுக்குப் பத்து நாள் முன்னதாக வந்து சேரவேண்டும் என்பது நிபந்தனை. தவணை நாள் 28. ஆகவே மார்ச் 18-க்குள் அங்கே வரவாகவேண்டும், வங்கிக்கு மூன்று நான்கு வேலைநாள் கொடுத்தால் 12-ம் தேதிக்குள் ஏ2 படிவம் கிளையில் இருக்கவேண்டும். அதற்கு வீட்டுக் கடன் மார்ச் முதல் வாரத்தில் கைக்கு வரவேண்டும். கோரிக்கைக் கடிதத்தை அந்தப் பெண் இப்போதே எழுதிவைத்துவிட்டார்.